புதுப்பிப்பு: மரப்பெட்டி விற்கக் கொள்முதல் அதிகாரியை அணுகிய வழி

"கும்பகோணத்தில் மரப் பேக்கிங் பெட்டி செய்கிறேன், பெரிய ஆலைகளின் கொள்முதல் அதிகாரியை எப்படி அணுகுவது?"

நான் முன்பு கேட்ட இந்தக் கேள்விக்குப் பதிலளித்த அனைவருக்கும் நன்றி. பலன் தந்தது ஓய்வுபெற்ற ஸ்டோர்ஸ் அதிகாரி ஐயா சொன்ன வழிதான்: மத்தியப் பொதுத்துறை நிறுவனங்கள் குறு, சிறு நிறுவனங்களிடம் மட்டுமே வாங்க வேண்டிய 358 பொருள்களில் மரப் பேக்கிங் பெட்டியும் உண்டு என்பதால், திருச்சியில் நடந்த விற்பனையாளர் சந்திப்பில் அந்தப் பட்டியலில் பெட்டி வரும் பக்கத்தையும், பெட்டி அளவும் பலகைத் தடிமனும் எழுதிய ஒரு தாளையும் கொடுத்தேன்.

நான் எதிர்பாராதது, அதிகாரி முதலில் என் தொழில் பதிவுக்கான உத்யம் சான்றிதழை வாங்கி, உற்பத்தியா வணிகமா என்று விரல் வைத்துப் பார்த்ததுதான். "உத்யம் இருந்தால் டெண்டருக்கு முன்வைப்புத் தொகை வேண்டாம்" என்ற நண்பர் கருத்து பாதிதான் சரி. வாங்கி விற்பவருக்கு அச்சலுகை இல்லை.

விற்பனையாளர் பதிவு எண் வந்துவிட்டது. விலைகேட்புக் கடிதம் இன்னும் வரவில்லை.