லிங்க்ட்இன் சுருக்கத்தில் மறையாமல் நிற்கும் முதல் இரண்டு வரிகள்: உங்கள் அனுபவத்தைப் பகிருங்கள்

தொடங்கியவர், ஜூரோங் வெஸ்ட்

என் அத்தை மகள் துவாஸில் ஒரு மருந்துக் கிடங்கில் இரவுப் பணி மேற்பார்வையாளராக இருக்கிறாள். அவளுடைய சுருக்கம், 'பல ஆண்டு அனுபவமும் அர்ப்பணிப்பும் கொண்ட, குழுவாகச் செயல்படும் தளவாடத் துறைப் பணியாளர்' என்று தொடங்கியது. சுருக்கத்திற்கு 2,600 எழுத்துகள் வரை இடம் உண்டு. ஆனால் "see more" என்பதை அழுத்தாதவருக்கு அந்தத் தொடக்கம் மட்டுமே தெரியும். அதை எந்தக் கிடங்குப் பணியாளரும் எழுதியிருக்கலாம்.

இருவரும் உட்கார்ந்து அதை மாற்றினோம். சுயவிவரம் ஆங்கிலத்தில் இருப்பதால் அதன் பொருளை மட்டும் இங்கே தருகிறேன்: 'மருந்துக் கிடங்கில் இரவுப் பணிக்குழுவை நடத்துகிறேன், சரக்கு வந்திறங்கியது முதல் லாரியில் ஏறும்வரை 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் வைத்திருப்பது என் பொறுப்பு. வெப்பநிலை தவறினால் எந்தப் பெட்டி வெளியே போகலாம் என்று முடிவெடுப்பவள் நான்.' ஆங்கிலத்தில் இது ஏறக்குறைய 200 எழுத்துகளுக்குள் அடங்கியது. இதே போல எழுதிப் பார்த்தவர்கள் தங்கள் அனுபவத்தைச் சொல்ல வேண்டுகிறேன்.

ஆள்சேர்ப்புப் பணியில் இருப்பவர், தஞ்சோங் பகார்

தொடக்கம் நன்றாக இருக்கிறது. ஆனால் கடைசி வாக்கியம் இத்துறையில் ஆளெடுப்பவரை உறுத்தும். வெப்பநிலை விலகிய மருந்தை வெளியே விடலாமா என்று முடிவெடுப்பது பெரும்பாலும் தர உறுதிப் பிரிவு. மேற்பார்வையாளர் அந்தப் பெட்டிகளைத் தனியே ஒதுக்கி, பதிவை எடுத்து, அப்பிரிவுக்குத் தெரிவிப்பார். அதையே எழுதச் சொல்லுங்கள். 'விலகிய பெட்டிகளை உடனே ஒதுக்கித் தர உறுதிப் பிரிவுக்குத் தெரிவிக்கிறேன்' என்று படித்தால், வேலையை உண்மையாகவே செய்தவர் இவர் என்று எனக்குத் தெரிந்துவிடும்.

இன்னொன்றையும் அடிக்கடி காண்கிறேன். 'வணக்கம், என் பக்கத்திற்கு வருக' என்று எழுதி, அதன்கீழ் ஒரு வெற்று வரியும் விடுகிறார்கள். வெற்று வரியும் ஒரு வரியின் இடத்தைப் பிடித்துக்கொள்வதால், நான் ரயிலில் கைப்பேசியில் பார்க்கும்போது வரவேற்பைத் தவிர வேறொன்றும் தெரிவதில்லை. பெயருக்குக் கீழே உள்ள தலைப்பு வரியில் பதவி ஏற்கெனவே இருக்கிறது. சுருக்கத்தின் முதல் வாக்கியத்தில் அதையே திரும்பச் சொல்வதும் இடத்தை வீணாக்குவதுதான்.

மென்பொருள் சோதனையாளர், புங்கோல்

தேடலில் அகப்பட வேண்டிய சொற்கள் அனைத்தையும் முதல் இரண்டு வரிகளிலேயே அடுக்க வேண்டும் என்று எனக்குச் சொல்லப்பட்டது. நானும் கருவிகளின் பெயர்களை வரிசையாக எழுதினேன். அதன்பின் அழைப்புகள் வந்தன.

ஆள்சேர்ப்புப் பணியில் இருப்பவர், தஞ்சோங் பகார்

அந்தச் சொற்கள் உங்கள் சுயவிவரத்தில் இருப்பது தேவைதான். ஆனால் நான் தேடும்போது அவை சுருக்கத்தின் நடுவிலோ பணி விவரத்திலோ இருந்தாலும் அகப்படுகின்றன. முதல் வரிகளைப் படிப்பவர் மனிதர். பத்துக் கருவிகளின் பெயரைவிட, அவற்றில் ஒன்றைக் கொண்டு நீங்கள் எதைச் சோதித்தீர்கள் என்பதே அவரை மேலே படிக்கத் தூண்டும்.

தமிழாசிரியை, ஈசூன்

தனிவகுப்பு நடத்தும் நான் என் சுருக்கத்தைத் தமிழிலேயே தொடங்கினேன். ஆங்கிலத்தில் எழுதியபோது நின்ற அதே கருத்து, தமிழில் பாதி வாக்கியத்தில் வெட்டுப்பட்டது. நம் சொற்கள் நீளமானவை. அதோடு 'கி', 'கொ' போன்ற உயிர்மெய்கள் கணினிக் கணக்கில் இரண்டு எழுத்துகளாக எண்ணப்படுகின்றன. ஆகவே 'தொடக்கநிலை 5, 6 மாணவர்களுக்கு வாய்மொழித் தேர்வுப் பயிற்சி தருகிறேன்' என்பதை மட்டும் மேலே வைத்து, மற்றவற்றைக் கீழே இறக்கினேன். பெற்றோர் என்னிடம் முதலில் கேட்பதும் அதைப் பற்றித்தான்.

தொடங்கியவர், ஜூரோங் வெஸ்ட்

தர உறுதிப் பிரிவு பற்றிய திருத்தத்தை அவளிடம் சொன்னேன். கிடங்கில் நடப்பது அதுதான் என்று உடனே மாற்றிவிட்டாள். திருத்தும் பெட்டியில் முழு உரையும் தெரிவதால் வெட்டு எங்கே விழும் என்று அங்கே கணிக்க முடியவில்லை. சேமித்தபின், என் கைப்பேசியிலும் அலுவலகக் கணினியிலும் அவளுடைய பக்கத்தைத் திறந்து பார்த்தோம். கைப்பேசியில் முன்னதாகவே வெட்டு விழுந்ததால், 2 முதல் 8 டிகிரி என்பதை முதல் வாக்கியத்தின் முன்பகுதிக்கு நகர்த்தினோம்.

ஒன்றில் மட்டும் எங்களுக்குள் உடன்பாடில்லை. பகல் பணி தேடுவதை அந்த வரிகளிலேயே சொல்லிவிட வேண்டும் என்பது அவள் எண்ணம். இப்போதைய மேலாளரும் அதைப் பார்ப்பாரே என்று நான் தயங்குகிறேன்.

ஆள்சேர்ப்புப் பணியில் இருப்பவர், தஞ்சோங் பகார்

நான் என்றால் அதைச் சுருக்கத்தின் கடைசியில் வைப்பேன். ஆனால் என்னுடன் பணிபுரியும் ஒருவர், வேலை தேடுவதை மேலேயே சொன்னவர்களைத்தான் முதலில் அழைக்கிறார்.