ஏசி அறையில் விடிகாலையில் காய்ந்த தொண்டை, பிடித்த கழுத்து: டைமரை மாற்றவா, டிகிரியை மாற்றவா?

அரைத்தூக்கம்: இரவு 10 மணிக்கு 20-இல் வைத்து, 3 மணி நேர டைமர் போட்டுப் படுக்கிறேன். 1 மணிக்கு ஏசி அணையும். 2 மணிக்குள் வியர்த்து எழுந்து, கடுப்பில் 18-க்கு இறக்கிவிட்டுத் தூங்குவேன். 4 மணிக்கு விழித்தால் எச்சில் விழுங்கவே முடியவில்லை. கழுத்தில் இடது பக்கம் மட்டும் பிடித்திருக்கிறது. ஏசி இருப்பதும் இடது பக்கச் சுவரில்தான். என்ன செய்யலாம்?

ஈரத்துணி: ஏசி காற்றை உலர்த்திவிடும், அதனால்தான் தொண்டை காய்கிறது. கட்டிலுக்கு அடியில் அகலப் பாத்திரத்தில் தண்ணீர் வையுங்கள். வறட்சிக்கென்றே ரிமோட்டில் டிரை மோடு இருக்கிறது, அதையும் போட்டுப் பாருங்கள்.

பழைய கம்ப்ரசர்: ஐயோ, டிரை மோடு ஈரத்தை எடுப்பதற்கு! காரணம் சரியாகச் சொன்னீர்கள், மருந்துதான் தலைகீழ். பாத்திரத் தண்ணீரும் பெரிதாக உதவாது. ஏசியின் வெளிக்குழாயில் சொட்டுவதை ஒரு ராத்திரி வாளியில் பிடித்துப் பாருங்கள், அவ்வளவும் அறைக்காற்றில் இருந்த ஈரம். பாத்திரத்திலிருந்து ஆவியாவது அதற்கு முன் எம்மாத்திரம்?

அரைத்தூக்கம், 18 வைத்தால் சீக்கிரம் குளிராது. கம்ப்ரசர் நிற்காமல் ஓடும், அவ்வளவுதான். அதுவும் விடிகாலையை ஒட்டித்தான் உடம்புச்சூடு மிகவும் இறங்கியிருக்கும். அந்த நேரம் பார்த்து நீங்கள் அறையை மேலும் குளிரவைக்கிறீர்கள்.

இன்று 26-இல் வைத்து, மின்விசிறியை மெதுவாகச் சுழலவிடுங்கள். ஸ்விங்கை நிறுத்தி, காற்றுத்தடுப்பை மேல்நோக்கித் திருப்புங்கள். குளிர்காற்று தானாகக் கீழே இறங்கும், ஆள்மேல் அடிக்க வேண்டியதில்லை. அப்புறம் விசிறியை அணைத்துவிட்டு, தலையணை உயரத்தில் மெல்லிய காகிதத் துண்டு ஒன்றைப் பிடித்துப் பாருங்கள். படபடத்தால் காற்று இன்னும் கழுத்தில்தான் விழுகிறது, கட்டிலை நகர்த்துங்கள். டைமரை 7 மணி நேரமாக்குங்கள். ஸ்லீப் மோடு இருந்தால் அதுவே மணிக்கு ஒரு டிகிரி வீதம் கொஞ்சம் ஏற்றிக்கொள்ளும்.

நள்ளிரவு நண்பன்: எங்கள் ஏசியில் அறைக்குள்ளேயே தண்ணீர் ஒழுகுகிறது. டிகிரியைக் கூட்டினால் நிற்குமா?

பழைய கம்ப்ரசர்: அது வேறு கதை. வடிகுழாய் அடைத்திருக்கும், முதலில் அதைப் பாருங்கள்.

அரைத்தூக்கம்: நான்கு நாள் ஆயிற்று. 26 முதல் நாள் புழுக்கமாக இருந்தது, 25-இல் நிற்கிறேன். காகிதம் ஆடியது, கட்டிலைக் கால் பக்கமாக இரண்டடி தள்ளியதும் நின்றது. கழுத்து சரி. 2 மணிக்கு எழுவதும் இல்லை. ஆனால் தொண்டை பாதிதான் தேவலை.

பழைய கம்ப்ரசர்: வடிகட்டியைக் கழற்றி எப்போது கழுவினீர்கள்? இன்னொன்று, வாயைத் திறந்து தூங்குகிறீர்களா? மூக்கடைப்பு இருந்தால் எந்த டிகிரியிலும் தொண்டை காயும்.

அரைத்தூக்கம்: வடிகட்டியில் கம்பளி போலத் தூசி. கழுவிவிட்டேன். வாய் திறந்திருப்பதாக மனைவி சொல்கிறார், நான் ஒப்புக்கொள்ளவில்லை. இன்றிரவு பார்த்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.