கட்டண உயர்வு சுற்றறிக்கை: கையெழுத்து 10-க்குள், பணம் எப்போது?

வணக்கம். மகளின் பள்ளியிலிருந்து நேற்று கட்டண உயர்வு பற்றிச் சுற்றறிக்கை வந்தது. மூன்று தடவை படித்தும் இரண்டு இடங்கள் பிடிபடவில்லை.

கல்விக் கட்டணம் 12 சதவீதம் கூடுகிறது, பேருந்துக் கட்டணத்தில் மாற்றமில்லை. அது சரி. ஒப்புதல் சீட்டை 10-ஆம் தேதிக்குள் தர வேண்டும். முதல் பருவக் கட்டணத்துக்குக் கடைசி நாள் 25. ஆனால் நான் போன மாதமே பழைய கட்டணப்படி முதல் பருவத்துக்கு முழுதாகக் கட்டி ரசீதும் வாங்கிவிட்டேன். பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் ஒரு வரி: "உயர்வு கல்வியாண்டின் தொடக்கத்திலிருந்து பொருந்தும், வித்தியாசத் தொகை அடுத்த தவணையுடன் சேர்க்கப்படும்." அப்படியென்றால் 25-க்குள் நான் எதுவும் கட்ட வேண்டாமா? இல்லை, அந்த வித்தியாசம் பாக்கியாகி அதற்குத் தாமதக் கட்டணம் ஏறுமா?

அதைவிட உறுத்துவது ஒப்புதல் சீட்டுதான். "சுற்றறிக்கையைப் பெற்றுக்கொண்டேன்" என்று மட்டும் இருந்தால் உடனே கையெழுத்துப் போட்டிருப்பேன். "இனி வரும் திருத்தங்களுக்கும் சம்மதிக்கிறேன்" என்றும் சேர்த்திருக்கிறார்கள். பெற்றுக்கொண்டதும் சம்மதித்ததும் ஒன்றல்லவே. அந்த வரியை மட்டும் அடித்து, பக்கத்தில் தேதியோடு சுருக்கொப்பமிட்டு, நகல் எடுத்துக்கொண்டு கொடுக்கலாம் என்று நினைக்கிறேன். அப்படிக் கொடுத்தவர்கள் இங்கே இருக்கிறீர்களா? பள்ளி ஏற்றுக்கொண்டதா, திருப்பி அனுப்பியதா?

கணக்குப் பிரிவில் வாயால் கேட்டால் ஆளுக்கொரு பதில் வருகிறது. அதனால் ரசீது எண்ணைக் குறிப்பிட்டு எழுத்தில் கேட்கப் போகிறேன். கடிதத்தில் வேறு என்ன கேட்க வேண்டும் என்று 10-ஆம் தேதிக்கு முன்னால் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.