எலோ மதிப்பில் கோல் வித்தியாசம்: டிராவை என்ன செய்வது?

சர்வதேசக் கால்பந்து அணிகளின் பலத்தை அளக்க எலோ மதிப்பு போடுகிறேன். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் வரும் மதிப்பு மாற்றத்தைக் கோல் வித்தியாசத்தால் அப்படியே பெருக்கினால், 2001-இல் ஆஸ்திரேலியா அமெரிக்க சமோவாவை 31-0 என்று நொறுக்கிய ஆட்டம் 1-0 வெற்றியைப் போல 31 மடங்கு எடை பெறுகிறது. அதனால் மடக்கைக்கு மாறினேன்:

```
M = ln(gd+1) * 2.2/(2.2 + 0.001*(Rw-Rl))
```

M அந்தப் பெருக்கும் எண், gd கோல் வித்தியாசம், Rw வென்ற அணியின் மதிப்பு, Rl தோற்ற அணியின் மதிப்பு. இப்போது மடக்கைப் பகுதியில் 5 மடங்குதான். பின்பகுதி, பலசாலி அணி நோஞ்சான்களை அடித்தே மதிப்பை ஏற்றிக்கொள்வதைத் தடுக்கிறது. 600 புள்ளி முன்னிலையில் இருக்கும் அணி வென்றால் 0.79 ஆகிறது.

சிக்கல் டிராவில். `ln(1)` பூஜ்யம், கடைசி இடத்து அணி முதலிடத்தை மடக்கினாலும் மதிப்பு நகரவில்லை. டிராவுக்கு 1 வைத்தேன். அப்புறம் பார்த்தால், சம பலத்தில் 1-0 வெற்றிக்கே 0.69தான்! டிராவுக்கும் 0.69 வைத்தால் போதுமா? அந்த 2.2 அமெரிக்கக் கால்பந்துக்கு வைத்த எண். கோல் கணக்குக்கு அதை எப்படிச் சரிசெய்வது? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்களேன்.