பெரியம்மாவின் வைப்பு வட்டியில் பிடித்த 8,000 ரூபாய்: திரும்ப எடுத்தவர்கள் இருக்கிறீர்களா?

வணக்கம் உறவுகளே. முரசுமோட்டையில் இருக்கும் என் பெரியம்மா கிளிநொச்சி வங்கியொன்றில் 10 இலட்சம் நிலையான வைப்பு வைத்திருக்கிறார். ஆண்டு வட்டி 80,000. கையில் வந்தது 72,000. மீதி 8,000ஐ நிறுத்திவைத்தல் வரி என்று பிடித்திருக்கிறார்கள். 2025 ஏப்ரலில் இருந்து வட்டிக்கு இது 10 வீதம்.

அடுத்தது வைத்த 10 இலட்சத்திலும் கைவைப்பார்கள் என்று யாரோ சொல்ல, வைப்பையே முறிக்கப் போகிறேன் என்கிறார். வைத்த காசில் பிடிப்பதில்லை, வட்டியில் மட்டும்தான். அதுவும் புது வரியில்லை. வருமான வரியை வங்கி முன்கூட்டியே வசூலித்துக் கொடுக்கிறது, அவ்வளவுதான். சம்பளத்தில் மாதாமாதம் பிடிப்பதும் இதே முறை. 18 வீதப் படியில் இருக்கும் உத்தியோகத்தருக்கு இதே வட்டிக்கு 14,400 வரி வரும். பிடித்த 8,000ஐக் கழித்து 6,400தான் கட்டுவார். பெரியம்மாவுக்கு வயல் வருமானத்தையும் சேர்த்தாலும் வரியில்லாத எல்லையான ஆண்டுக்கு 18 இலட்சத்துக்குக் கிட்டவும் வராது. ஆக அவருடைய வரி பூச்சியம், அந்த 8,000 அவருடைய காசு.

இனிமேல் பிடிக்காமலிருக்க, வருமானம் அந்த எல்லைக்குள்தான் என்று வங்கியில் சுயபிரகடனம் கொடுக்கலாம். சிக்கல் என்னவென்றால், கணக்கு பெரியம்மாவும் மகளும் சேர்ந்தது. மகளுக்குச் சம்பளம் உண்டு. இப்படியான கூட்டுக் கணக்குக்கு உங்கள் வங்கி இருவரிடமும் பிரகடனம் கேட்டதா? பிடித்ததற்கான சான்றிதழை வைத்து இறைவரித் திணைக்களத்தில் மீளப்பெற்றவர்கள், வேறென்ன கடிதங்கள் கொடுத்தீர்கள் என்றும் சொல்லுங்கள். வைப்பு முறிக்க முதல் அவருக்குப் பதில் சொல்ல வேணும்.