பதினாறு நாளை இரண்டு பேருக்குக் கொடுத்த கதை

தலவாக்கலை சைட்

தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிள்ளை மடுவம் கட்டும் வேலை. சிறிய கொந்தராத்து, நான் மேற்பார்வை. மார்ச் தொடக்கத்தில் இறங்கினால் மே மாத மழைக்கு முன் சாவியைக் கையில் கொடுத்துவிடலாம் என்று கொப்பியில் கணக்குப் போட்டேன். கணக்கு சரியாகத்தான் இருந்தது. அதை நான் வாசித்த விதம்தான் கோணல்.

மண் வெட்டிச் சமப்படுத்த 6 நாள். அதன்பின் வேலை இரண்டாகப் பிரிகிறது. ஒரு பக்கம் அத்திவாரம் 8, அதன்மேல் சுவர் 10. மறுபக்கம் வெட்டிய மேட்டைத் தாங்கும் கருங்கல் தடுப்புச் சுவர் 12, அது முடிந்ததும் அதன் அடியோடு ஓடும் வடிகால் 4. இதற்குக் கோஷ்டி வேறு, அதனால் ஆள் தட்டுப்பாடு இல்லை. கூரைச் சட்டம் ஹட்டன் பட்டறையில் 15 நாள். அதை முதல் நாளே தொடங்கலாம். சுவரும் சட்டமும் தயாரானால் கூரை ஏற்ற 5, பிறகு பூச்சும் தரையும் 9. பூச்சும் வடிகாலும் முடிந்தால்தான் முற்றம், அதற்கு 3. எல்லாம் ஞாயிறு, போயா, புத்தாண்டு விடுமுறை கழித்த வேலை நாள்கள்.

முன்கணக்கு: மண் வேலை 6இல் முடிகிறது, அத்திவாரம் 14இல், சுவர் 24இல். சட்டம் 15லேயே வந்துவிடும். ஆனால் சுவர் இல்லாமல் அதை எங்கே ஏற்றுவது? இரண்டில் பிந்தியதை எடுத்தால் கூரை 24இல் தொடங்கி 29இல் முடியும். பூச்சு 38. தடுப்புச் சுவர் 18இல், வடிகால் 22இல் முடிந்துவிடுவதால் முற்றம் பூச்சுக்குத்தான் காத்திருக்கும். மொத்தம் 41 நாள்.

பின்கணக்கு: 41இலிருந்து கழித்துக்கொண்டே வந்தேன். முற்றம் பிந்தாமலிருக்க வடிகால் 38க்குள் முடிந்தால் போதும். அப்படியானால் அதை 34இல் கூடத் தொடங்கலாம், தடுப்புச் சுவரும் 34இல் முடிந்தால் போதும். தடுப்புச் சுவருக்கு 34லிருந்து 18 போக மிதவை, அதாவது முடிவு பிந்தாமல் தாமதிக்கக்கூடிய நாள், 16. வடிகாலுக்கு 38லிருந்து 22 போக அதுவும் 16. கொப்பியில் இரண்டு வரிசைக்கும் நேரே 16, 16 என்று சிவப்புப் பேனையால் எழுதி வட்டமும் போட்டேன்.

கருங்கல் லொறி வரவில்லை என்று மேசன் பாஸ் வந்து நின்றபோது, "உங்களுக்குப் பதினாறு நாள் இருக்கிறது, பதற வேண்டாம்" என்றேன். அவர் 10 நாள் பிந்தி, 28இல் முடித்தார். வடிகால்காரர்கள் இன்னொரு தோட்டத்து வேலைக்குப் போக வேண்டும் என்றார்கள். அவர்களிடமும் அதே பதினாறைச் சொன்னேன். 4 நாள் வேலை 14 நாளாகி 42இல் முடிந்தது. 38இல் தொடங்க வேண்டிய முற்றம் 42இல் தொடங்கி 45இல் முடிந்தது. இரண்டு பேரும் நான் சொன்ன எல்லையைத் தாண்டவில்லை. ஆனாலும் 4 நாள் போய்விட்டது. கொந்தராத்துக்காரர் கொப்பியைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் திருப்பித் தந்தார். திட்டியிருந்தால் பரவாயில்லை.

பதுளைக் குளிர்

இதற்கு எதற்கு அண்ணே பின்கணக்கு? தொடக்கத்திலிருந்து முடிவு வரை எத்தனை வழி என்று எண்ணிக் கூட்டுங்கள். சுவர் வழி 41. தடுப்புச் சுவர் வழி 6, 12, 4, 3, மொத்தம் 25. சட்டத்தின் வழி 15, 5, 9, 3, மொத்தம் 32. நீளமானது 41. மற்றவற்றுக்கு வித்தியாசம் 16, 9. ஐந்து நிமிடத்தில் முடிந்தது. நான் எப்போதும் இப்படித்தான் செய்கிறேன்.

பழைய ஓவசியர்

பதுளைத் தம்பி சொல்வதில் ஒரு நல்லது இருக்கிறது. 16 என்பது ஒரு வேலையின் சொத்து அல்ல, அந்த வழி முழுவதற்கும் பொதுவானது என்று அவர் முறையில் கண்ணுக்குத் தெரிகிறது. தலவாக்கலைத் தம்பியின் கொப்பியில் அது இரண்டு வரிசையில் தனித்தனியாக நின்றதால் முப்பத்திரண்டு நாள் இருப்பதுபோல் தோன்றிவிட்டது. ஒரு பானைத் தண்ணீரை இரண்டு பேரிடமும் தனித்தனியே காட்டிய கதைதான்.

தனக்கு மட்டும் எவ்வளவு என்று பார்க்க இன்னொரு கழித்தல் இருக்கிறது. அடுத்த வேலை எவ்வளவு முந்தித் தொடங்கலாமோ அதிலிருந்து இந்த வேலை முந்தி முடியும் நாளைக் கழிக்க வேண்டும். தடுப்புச் சுவர் 18இல் முடிகிறது, வடிகாலும் 18லேயே தொடங்கலாம். மிச்சம் பூச்சியம். ஆகவே மேசன் பாஸ் எடுத்த ஒவ்வொரு நாளும் வடிகால்காரர் பையிலிருந்து எடுத்தது. அவர் 10 எடுத்த மறுகணமே கொப்பியில் வடிகாலுக்கு நேரே இருந்த 16ஐ வெட்டி 6 என்று எழுதியிருக்க வேண்டும்.

ஆனால் எனக்கு வேறொன்று உறுத்துகிறது. வெட்டிய மேடு எவ்வளவு உயரம்?

தலவாக்கலை சைட்

ஏறக்குறைய எட்டடி, ஐயா. மேட்டுக்கும் மடுவத்தின் பின்சுவருக்கும் இடையில் நான்கடி.

கொட்டகலை அம்மா

எனக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. எங்கள் ஏழு பேர்ச் வீட்டுக்குக் கூரைக்குத்தான் பணம் அதிகம் போயிற்று. அப்படியானால் கூரைச் சட்டம்தானே நெருக்கடியான வேலை? அதைத்தானே விரட்ட வேண்டும்?

ஹட்டன் வெல்டிங்

அம்மா, உங்களைப் போலத்தான் எல்லாரும் நினைக்கிறார்கள். பில் பெரியது என்பதால் தினமும் காலையில் எனக்குத்தான் தொலைபேசி வரும். இந்தக் கணக்கில் பணம் எங்கேயும் வருவதில்லை, நாள் மட்டும்தான். மேலே உள்ள வேலையில் சட்டத்துக்கு 9 நாள் மிதவை. 15லிருந்து 24 வரை அது பட்டறை வாசலில் சும்மா சாய்ந்து கிடக்கும், நனைந்தால் துருவும் பிடிக்கும். விரட்ட வேண்டியது அத்திவாரத்தையும் சுவரையும்.

என் குறை வேறு. அந்த 9 நாளை யாரும் எனக்குச் சொல்வதில்லை. "நாளையே வேண்டும்" என்பார்கள். இரவு முழுக்க நெருப்புப் பொறியில் நின்று கொண்டுபோய் இறக்கினால், அங்கே சுவர் இடுப்பளவில் நிற்கும்.

பண்டாரவளை மாணவி

நான் தொழில்நுட்பக் கல்லூரியில் படிக்கிறேன். மிக நீளமான வழியை எங்கள் ஆசிரியர் அவதிப் பாதை என்பார், நெருக்கடிப் பாதை என்றும் சொல்வார்கள். மேலே உள்ள கணக்கை நானும் போட்டுப் பார்த்தேன். மண் வேலைக்கும் 16 மிதவை வருகிறது. தடுப்புச் சுவர் 22இல் தொடங்கினால் போதும், ஆகவே மண் வேலை 22இல் முடியலாம், 22லிருந்து 6 போக 16. எங்கே பிழை என்று தெரியவில்லை.

பழைய ஓவசியர்

மகள், மண் வேலையை நம்பி இரண்டு வேலைகள் நிற்கின்றன. தடுப்புச் சுவர் 22 வரை பொறுக்கும். அத்திவாரம் 6க்கு மேல் ஒரு நாளும் பொறுக்காது. திரும்பி வரும்போது இரண்டில் சிறியதைத்தான் எடுக்க வேண்டும். போகும்போது பெரியது, வரும்போது சிறியது. கொப்பியில் எது முதலில் கண்ணில் படுகிறதோ அதை எடுப்பதுதான் வழக்கமான தவறு, நானும் செய்திருக்கிறேன்.

இங்கே நடந்த பிழை தன்னைத்தானே காட்டிக்கொடுக்கிறது. தொடக்கம் வரை திரும்பி வாருங்கள். உங்கள் கணக்கில் மண் வேலையை 16இல் தொடங்கலாம், சட்டத்தை 9இல் தொடங்கலாம். சிறியது 9. ஒன்பது நாள் வீட்டில் இருந்துவிட்டு வந்தாலும் 41இல் முடியும் என்றாகிறதே! பூச்சியத்தில் புறப்பட்ட கணக்கு பூச்சியத்துக்குத் திரும்பாவிட்டால் இதற்குப் பின் இது என்று படத்தில் போடும் அம்புகளில் ஒன்றை வழியில் எங்கோ விட்டிருக்கிறோம், அல்லது கழித்தல் பிழைத்திருக்கிறது.

இப்போது தலவாக்கலைத் தம்பிக்கு. எட்டடி செம்மண் மேட்டைத் தாங்கலில்லாமல் விட்டு, நான்கடி தள்ளிச் சுவர் எழுப்பினீர்களா? ஏப்ரல் மாதம் பின்னேரத்தில் இடியோடு கொட்டும் மழையில் என்ன நடந்தது?

தலவாக்கலை சைட்

கேட்டுவிட்டீர்கள். சுவர் முடிந்த கிழமை ஒரு பின்னேரம் இரண்டு மணி நேரம் பெய்தது. காலையில் போனபோது பின்சுவரின் யன்னல் அடிவரை மண் வந்து அப்பியிருந்தது. மேட்டு விளிம்பில் நின்ற தேயிலைச் செடி ஒன்று வேரோடு வந்து சுவரில் சாய்ந்து நின்றது. யாருக்கும் காயமில்லை. மண்ணை அள்ள இரண்டு நாள். மேசன் பாஸ் எடுத்த பத்து நாளில் அதுவும் அடக்கம்.

பழைய ஓவசியர்

அப்படியானால் உங்கள் படத்தில் ஓர் அம்பு குறைவு. தடுப்புச் சுவர் முடியாமல் கட்டடச் சுவர் எழும்பக் கூடாது. அந்த அம்பைப் போட்டுப் பாருங்கள். சுவர் 14இல் தொடங்காது, 18இல் தொடங்கி 28இல் முடியும். கூரை 33, பூச்சு 42, முற்றம் 45. நெருக்கடிப் பாதை இப்போது தடுப்புச் சுவர் வழியாகப் போகிறது. அதற்கு மிதவையே இல்லை. அத்திவாரத்துக்குத்தான் 4 நாள் கிடைக்கிறது. வடிகாலுக்கு 20, அது முழுவதும் அதற்கே சொந்தம்.

பதுளைத் தம்பியும் பார்க்க வேண்டும். இப்போது தடுப்புச் சுவர் இரண்டு வழியில் நிற்கிறது. வடிகால் வழியைக் கூட்டினால் அதே 25, வித்தியாசம் 20. அதை மட்டும் பார்த்து மேசன் பாஸிடம் 20 நாள் இருக்கிறது என்றால் என்ன ஆகும்? ஒரு வேலை பல வழியில் நின்றால் எல்லா வழியையும் பார்த்துச் சிறிய வித்தியாசத்தை எடுக்க வேண்டும். ஒன்பது வேலைக்கு அது முடியும். அறுபது வேலை என்றால் வழிகளை எண்ணியே விடிந்துவிடும். பின்கணக்கு அந்தச் சிறியதைத் தானாக எடுத்துக்கொண்டு வருகிறது.

பதுளைக் குளிர்

ஒத்துக்கொள்கிறேன் ஐயா. ஆனால் சின்ன வேலைக்கு என் முறைதான்.

ஹட்டன் வெல்டிங்

அம்பு போட்ட பிறகு சட்டத்துக்கு 28லிருந்து 15 போக 13 நாள். இதையாவது பட்டறைக்காரனுக்குச் சொல்வீர்களா?

பழைய ஓவசியர்

நான் சொல்ல மாட்டேன், கோபிக்க வேண்டாம். சொன்னால் 13 நாளும் முதல் கிழமையிலேயே கரைந்துவிடும். பிறகு மின்வெட்டு வந்தால் ஈடுகட்ட ஒன்றும் மிஞ்சாது.

தலவாக்கலை சைட்

எனக்கு அது சரியாகப் படவில்லை ஐயா. நான் சொன்னது தவறில்லை, ஒரே நாளை இரண்டு பேருக்குச் சொன்னதுதான் தவறு. சட்டத்தின் 13ஐ வேறு யாரும் பங்கு கேட்கவில்லையே. பாதியையாவது சொன்னால் அவர் ராத்திரி வேலை செய்யாமல் இருப்பார்.

ஹட்டன் வெல்டிங்

பாதி என்றால் ஆறா, ஏழா?