மினிட்ஸில் “மாற்றமில்லை” என்று எழுதினால் போதுமா?

மொட்டைமாடி:
“பாக்கி, தண்ணீர், லிஃப்ட், ஜெனரேட்டர் மாதிரி மாதாமாதம் வரும் விஷயங்களுக்கு மினிட்ஸில் ‘மாற்றமில்லை’ என்று ஒரே வார்த்தை எழுதினால் போதும், அதற்கு மேல் எழுதுவது வெட்டி வேலை.” எங்கள் அப்பார்ட்மென்ட் வாட்ஸ்அப்பில் ஒருவர் இப்படிப் போட்டிருக்கிறார், பதினேழு பேர் கைதட்டியிருக்கிறார்கள். 48 வீடு, மாதம் ஒரு கமிட்டி கூட்டம், மினிட்ஸ் எழுதுவது இப்போது என் தலையில். படித்ததும் எரிச்சல் வந்தது, ஆனால் பதிலுக்கு என்ன எழுதுவது என்றும் தெரியவில்லை. இவற்றையெல்லாம் சுருக்கமாக எப்படி எழுதுகிறீர்கள்?

பழைய செக்ரட்டரி:
கைதட்டிய பதினேழு பேரில் மினிட்ஸ் புத்தகத்தைத் திறந்து பார்த்தவர்கள் எத்தனை பேர் என்று முதலில் கேளுங்கள். எங்கள் இடத்தில் நடந்ததைச் சொல்கிறேன். மெயின்டனன்ஸ் வீட்டுக்கு மாதம் ₹3,000. ஜனவரியில் மொத்தப் பாக்கி ₹1,86,000, நான்கு வீடு. ஏப்ரலிலும் அதே ₹1,86,000. மினிட்ஸில் “பாக்கி: மாற்றமில்லை”. ஆனால் உள்ளே நடந்தது வேறு. பழைய பாக்கிக்காரர்களில் இரண்டு பேர் ₹1,08,000-ஐ மொத்தமாகக் கட்டித் தீர்த்துவிட்டார்கள். மற்ற இரண்டு பேருக்கு மூன்று மாதம் ஏறி ₹18,000 கூடியது. அதுவரை ஒழுங்காகக் கட்டிய பத்து வீடு, ஆளுக்கு மூன்று மாதம் கட்டாமல் ₹90,000 சேர்ந்தது. கூட்டிக் கழித்தால் அதே தொகை. நான்கு வீடு பன்னிரண்டு ஆனது யார் கண்ணிலும் படவில்லை. அந்தப் பத்தும் ஒரே பிளாக், லிஃப்ட் அடிக்கடி நின்றதால் கோபத்தில் நிறுத்தியவர்கள். ஜூனில் வாட்ச்மேன் சம்பளத்துக்குப் பணம் இல்லாதபோதுதான் எங்களுக்கு உறைத்தது.

அதனால் “மாற்றமில்லை” என்ற வார்த்தையே கூடாது. இப்படி எழுதுங்கள்: “பாக்கி ₹1,86,000, ஜனவரியில் ₹1,86,000. வீடு 12, ஜனவரியில் 4. மூன்று மாதத்தைத் தாண்டியவை 2.” இவ்வளவுதான், ஒரு வரி.

பொருளாளர் பாவம்:
சார், கதை நன்றாக இருக்கிறது, ஆனால் மினிட்ஸ் என்பது முடிவுகளின் பதிவு, கணக்குப் புத்தகம் இல்லை. வீடு வாரியாகப் பாக்கிப் பட்டியல் எக்ஸெலில் இருக்கிறது. கூட்டத்துக்கு மூன்று நாள் முன்பே எல்லோருக்கும் அனுப்பிவிடுகிறேன். கூட்டத்தில் “படித்ததாக எடுத்துக்கொள்ளப்பட்டது” என்று சொல்லி, யாருக்காவது கேள்வி இருந்தால் மட்டும் அந்தப் பொருளைத் திறக்கிறோம். இரண்டரை மணி நேரக் கூட்டம் ஐம்பது நிமிடத்துக்கு வந்துவிட்டது. அப்படிச் செய்கிறவனுக்கு “மாற்றமில்லை” சரியான வார்த்தைதான்.

பழைய செக்ரட்டரி:
முன்கூட்டி அனுப்புவது நல்ல பழக்கம், அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அனுப்பிய தாளை எத்தனை பேர் திறந்தார்கள்? “மாற்றமில்லை” என்றால் பார்த்துவிட்டுச் சொன்னதா, பார்க்காமல் சொன்னதா? மினிட்ஸைப் படிப்பவனுக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும்.

ஜெனரேட்டரையே எடுங்கள். போன மாதம் 75 லிட்டர் டீசல், இந்த மாதம் 74. மாற்றமில்லை, இல்லையா? மீட்டரில் ஓடிய மணியைப் பார்த்தால் போன மாதம் 9, இந்த மாதம் 6. மணிக்கு எட்டு லிட்டர் குடித்தது திடீரென்று பன்னிரண்டு குடிக்கிறது. ஒன்று லோடு கூடியிருக்க வேண்டும், இல்லை மெஷினில் கோளாறு, இல்லை டீசல் வேறு எங்கேயோ போகிறது. மணியையும் பக்கத்தில் எழுதியிருந்தால் எட்டாவது படிக்கும் பையன்கூடப் பிடித்துவிடுவான்.

குழுத்தலைவி:
எங்கள் மகளிர் குழுவில் பன்னிரண்டு பேர், வாரம் ஒரு கூட்டம். பாதிப் பேருக்குப் படிக்கத் தெரியாது. அதனால் எக்ஸெலும் கிடையாது, “படித்ததாக எடுத்துக்கொள்வதும்” கிடையாது. போன வாரம் கையிருப்பு எவ்வளவு, இன்று சேமிப்பு எவ்வளவு வந்தது, யார் தவணை கட்டவில்லை என்று சத்தமாக வாசிப்போம். பெட்டியைத் திறந்து எண்ணிக் காட்டிவிட்டுத்தான் எழுதுவோம். மொத்தம் பத்து நிமிடம். ஒரு தடவை வாசித்த கையிருப்பில் ₹200 இடித்தது. பின்னால் உட்கார்ந்திருந்த அக்காதான் “போன வாரம் வேற சொன்னியே” என்றார். அவருக்குக் கையெழுத்துப் போடக்கூடத் தெரியாது.

பொருளாளர் பாவம்:
அக்கா, உங்கள் குழு வேறு, 48 வீட்டு அப்பார்ட்மென்ட் வேறு. எங்களிடம் பெட்டி இல்லை, வங்கிக் கணக்கு இருக்கிறது.

குழுத்தலைவி:
எங்களுக்கும் வங்கிக் கணக்கு இருக்கிறது தம்பி. கடனும் வாங்கியிருக்கிறோம், தவணை தவறியதில்லை. வாட்ச்மேன் சம்பளத்துக்குப் பணம் இல்லாமல் போனது எங்கள் குழுவில் இல்லை.

பி4 வாசி:
விசிட்டர் பார்க்கிங்கை மாதாமாதம் வரும் அஜெண்டாவில் சேர்க்க முடியுமா? எங்கள் கமிட்டி கேட்கவே மாட்டேன் என்கிறது.

பழைய செக்ரட்டரி:
அது வேறு வியாதி. மாதாமாதம் அளந்து பார்க்க வேண்டியதுதான் இந்த வரிசையில் வரவேண்டும். ஒரு தடவை முடிவு எடுத்து முடிக்க வேண்டியது வேலை, அதற்கு ஓர் ஆள் பெயரும் ஒரு தேதியும் வேண்டும். எங்கள் மொட்டைமாடி நீர்க்கசிவைத் தெரியாமல் இந்த வரிசையில் போட்டுவிட்டார்கள். பதினான்கு மாதம் “பரிசீலனையில் உள்ளது”, இரண்டு மழைக்காலம் போய்விட்டது.

பொருளாளர் பாவம்:
ஒரு நிமிடம். அந்தப் பதினான்கு மாதமும் செக்ரட்டரி யார்? ஏப்ரலில் “மாற்றமில்லை” என்று எழுதியதும் யார்?

பழைய செக்ரட்டரி:
எழுதியது ஜாயின்ட் செக்ரட்டரி. கையெழுத்து மட்டும் என்னுடையது.

பொருளாளர் பாவம்:
படிக்காமல் போட்ட கையெழுத்தா, படித்துவிட்டுப் போட்டதா?

பழைய செக்ரட்டரி:
சாமர்த்தியம் இருக்கட்டும். என்னைத் திட்டினால் பன்னிரண்டு வீடு நான்காகிவிடாது. பட்டது நான், அதனால் சொல்கிறேன். முப்பது வருடம் ஆபீஸில் ஃபைல் எழுதியவன், “நிலைமை மாறவில்லை” என்ற வரிக்குப் பின்னால் என்னென்ன தூங்கும் என்று எனக்குத் தெரியும்.

பொருளாளர் பாவம்:
அந்த ஆபீஸ் ஃபைலில் பழகியதால்தான் நான்கு வரி எழுத வேண்டிய இடத்தில் நாற்பது வரி எழுதுகிறீர்கள். இந்தத் திரியையே பாருங்கள்.

மொட்டைமாடி:
சண்டை போதும். லிஃப்டுக்கு இப்படி எழுதியிருக்கிறேன், பாருங்கள்: “லிஃப்ட்: சர்வீஸ் 12ஆம் தேதி. பி பிளாக் 3 தடவை நின்றது, போன மாதம் 1. முடிவு தேவை: கதவு சென்சார் மாற்ற மூன்று கொட்டேஷன் வாங்கலாமா?” தண்ணீருக்கு என்ன எழுத? லாரி எண்ணிக்கை போதுமா?

பழைய செக்ரட்டரி:
லிஃப்ட் சரி. லாரி எண்ணிக்கை மட்டும் போதாது, 9,000 லிட்டர் லாரியா 12,000 லிட்டரா என்று எழுதாவிட்டால் எண்ணிக்கைக்கு அர்த்தம் இல்லை. “10 லாரி, போன மாதமும் 10” என்று எழுதிவிட்டு சின்ன லாரி பெரிய லாரியாக மாறியதை விட்டுவிட்டால், அதுவும் ஒரு “மாற்றமில்லை”தான். போர்வெல் மோட்டார் தினமும் எத்தனை மணி ஓடுகிறது என்பதையும் சேருங்கள். லாரி கூடும் முன்பே போர் தண்ணீர் குறைவது அதில் தெரிந்துவிடும்.

பொருளாளர் பாவம்:
ஒரு வரி என்று ஆரம்பித்தீர்கள், இப்போது லாரி சைஸ், மோட்டார் மணி, நாளைக்கு டேங்க் மூடியின் நிறமும் வரும். நான் எல்லாவற்றையும் பார்த்த பிறகு “பார்த்தேன், மாற்றமில்லை” என்று எழுதினால் உங்களுக்கு என்ன கஷ்டம்?

பழைய செக்ரட்டரி:
எந்தத் தேதியில் பார்த்தீர்கள்?

பொருளாளர் பாவம்:
விடுங்கள் சார்.

பி4 வாசி:
விசிட்டர் பார்க்கிங் வேலை என்றால் அதற்கு யார் பெயரைப் போடுவது? என் பெயரைப் போட்டுவிடுவார்களோ?